போன் கேமராவில் எடுத்து வில்லுப்பாட்டுப் புலவரை பொம்மையாக ஆட வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில் பக்கம் கோயில் கொடை வீடியோ எடுக்கும் பையன்கள், வில்லிசைக் குழுவில் இருக்கும் இளவட்டங்கள், பிள்ளைகளுக்குக் கதை வீடியோ செய்யும் ஆசிரியர்கள் ஆகியோர் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே வேலையை மனதில் வைத்துப் பதில் சொல்கிறேன். வில்லின் முன்னால் உட்கார்ந்து கதை சொல்லும் ஒரு புலவர், கணினியில் செய்த உருவம். அவர் முகத்தையும் கையையும் நீங்கள் நடிக்க வேண்டும். கையில் இருப்பது சாதாரண ஆண்ட்ராய்டு போன், கணினியில் பிளெண்டர் என்ற இலவச 3டி மென்பொருள்.

அண்ணே, ஐபோன் இல்லாம இது நடக்குமா?

நடக்கும். ஆனால் வித்தியாசம் எங்கே என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

2017-ல் வந்த ஐபோன் X முதல், ஃபேஸ் ஐடி உள்ள ஐபோன்களின் முன்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தில் வீசும் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். அவை முகத்தில் எப்படி விழுகின்றன என்பதை வைத்து மூக்கு எவ்வளவு முன்னால், கன்னம் எவ்வளவு பின்னால் என்று போன் நேராக அளக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் பெரும்பாலும் வெறும் படம்தான். அந்தப் படத்தைப் பார்த்து ஆழத்தை மென்பொருள் ஊகிக்கிறது.

ஊகத்துக்கு இலவசமாகக் கிடைப்பது கூகுளின் மீடியாபைப். அதில் உள்ள முகப் பகுதி ஒவ்வொரு ஃபிரேமிலும் முகத்தில் 478 புள்ளிகளைக் கண்டுபிடிக்கும். கூடவே தாடை எவ்வளவு திறந்திருக்கிறது, இடது புருவம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது மாதிரியான அசைவுகளுக்கு 0 முதல் 1 வரை ஒரு மதிப்பும் தரும். jawOpen, mouthPucker, browInnerUp என்று அவற்றின் பெயர்கள் ஐபோன் தருபவற்றின் பெயர்களே. அதனால் ஐபோனுக்காகச் செய்த உருவத்தை ஆண்ட்ராய்டு தரவாலும் ஆட்டலாம். ஒன்று மட்டும் இல்லை: ஐபோனில் உள்ள tongueOut மீடியாபைப்பில் கிடையாது. நாக்கை நீட்டும் கோமாளி வேடமாக இருந்தால் அந்த இடத்தைக் கையால்தான் செய்ய வேண்டும்.

கதை சொல்லும் புலவருக்கு ஆண்ட்ராய்டே போதும் என்பது என் கருத்து. இதற்காக ஐபோன் வாங்க வேண்டாம். அந்தக் காசில் ஒரு நல்ல ஸ்டாண்டும் ஒரு விளக்கும் வாங்கினால் பலன் அதிகம்.

போனை எப்படி வைக்கணும்? செட்டிங்ல என்ன மாத்தணும்?

முதலில் பியூட்டி மோடை அணையுங்கள். பல போன்களில் முன் கேமராவைத் திறந்தாலே அது தானாக ஓடிக்கொண்டிருக்கும். புருவ ஓரத்தையும் உதட்டு விளிம்பையும் அது மழுப்பிவிடும். மென்பொருள் பார்ப்பதே அந்த விளிம்புகளைத்தான். முடிந்தால் பின் கேமராவில் எடுங்கள். முன் கேமராவில் இன்னொரு தொல்லை, சில போன்கள் படத்தை இடவலமாகத் திருப்பிச் சேமிக்கும். நீங்கள் இடது கண்ணைச் சிமிட்டினால் உருவம் வலது கண்ணைச் சிமிட்டும். முகத்தில் மட்டும் இது நடந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள். வீசுகோல் கை மாறிவிட்டால் வில்லிசை தெரிந்த எவரும் உடனே பிடித்துவிடுவார்.

போன் மூக்கின் உயரத்தில், நேர் எதிரே, முகம் படத்தில் பாதி உயரமாவது வரும்படி இருக்கட்டும். தரையில் சாய்த்து வைத்துக் கீழிருந்து எடுத்தால் தாடை மூக்கை நெருங்கித் தெரியும், jawOpen எப்போதும் குறைவாகவே வரும். வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டிவிடுங்கள். பெரும்பாலான போன்களில் திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பூட்டு வரும். வீடியோ ஸ்டெபிலைசேஷனையும் அணையுங்கள். போன் ஸ்டாண்டில் அசையாமல் நிற்கும்போது அதற்கு வேலையில்லை. இருந்தால் தலையின் அசைவையே கேமராவின் அசைவு என்று நினைத்து ஈடுகட்டப் பார்க்கும்.

அறைக்குள் டியூப்லைட்டோ எல்இடியோ இருந்தால் ஷட்டரை 1/100-ல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு நொடிக்கு நூறு முறை மங்கித் தெளியும். ஷட்டர் அதோடு ஒத்துப்போகாவிட்டால் படத்தில் பட்டை பட்டையாக நிழல் ஓடும், புள்ளிகள் நடுங்கும். ஜன்னல் வெளிச்சம் என்றால் இந்தக் கவலை இல்லை. 1/200 கூட வைக்கலாம்.

வெளியில எடுக்கலாமா? எங்க வீடு ஆரல்வாய்மொழி.

காற்றாலை சுற்றுகிற காற்றில் லேசான ஸ்டாண்ட் நிற்காது. ஸ்டாண்ட் நடுங்கினால் உருவத்தின் தலையும் நடுங்கும். சுவர் மறைவில், நிழலில் எடுங்கள். ஸ்டாண்டின் நடுக்கம்பியில் ஒரு பை மணலைத் தொங்கவிடுங்கள்.

உதடு ஒட்டவே மாட்டேங்குது. "அம்மா"ன்னு சொன்னா பொம்மை "அஆ"ன்னு சொல்லுது.

எல்லோரும் வந்து நிற்கும் இடம் இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் ஊர்ப் பேச்சு வேகம். கதையின் உச்சத்தில் புலவர் பேசும் வேகம் அதைவிட வேகம். ஒரு "ம்" சொல்ல உதடு மூடியிருப்பது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. நொடிக்கு 30 ஃபிரேம் எடுத்தால் அது இரண்டு, மூன்று ஃபிரேம்தான். அந்த இரண்டு ஃபிரேமிலும் உதடு நகர்ந்துகொண்டே இருப்பதால் படம் சற்று மங்கலாக இருக்கும். மீடியாபைப்பும் "இது மூடிய வாய்" என்று உறுதியாகச் சொல்லாமல் "ஏறக்குறைய மூடியிருக்கிறது" என்று ஒரு நடுத்தர மதிப்பைத் தரும்.

அதற்கு மேல் நாம் ஒரு வேலை செய்கிறோம். தரவு நடுங்குகிறதே என்று ஸ்மூத்திங் போடுகிறோம். ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். "அம்மா"வில் அடுத்தடுத்த ஏழு ஃபிரேமில் jawOpen இப்படி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 0.42, 0.36, 0.16, 0.12, 0.14, 0.34, 0.40. நடுவில் உள்ள 0.12 கிட்டத்தட்ட மூடிய வாய். ஐந்து ஃபிரேம் சராசரி எடுத்தால் அந்த இடத்தில் 0.36, 0.16, 0.12, 0.14, 0.34 ஐந்தும் சேர்ந்து 0.22 ஆகிவிடும். மூடவேண்டிய வாய் கால்வாசி திறந்தே நிற்கும். நடுக்கம் போனது, கூடவே "ம்"மும் போனது.

அதனால் தலைக்கும் புருவத்துக்கும் தாராளமாக ஸ்மூத்திங் போடுங்கள். வாய் சம்பந்தப்பட்ட வளைவுகளுக்கு மூன்று ஃபிரேமுக்கு மேல் போடாதீர்கள். எடுக்கும்போதே 60 ஃபிரேமில் எடுங்கள்.

மீதியைக் கையால் சரிசெய்ய வேண்டும். அதற்கு எந்த எழுத்தில் உதடு ஒட்டும் என்று தெரிந்தால் போதும். சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் "ம" ஒட்டும். "ப்ப", "ம்ப", சொல்லின் முதலில் வரும் "ப" ஆகியவையும் அப்படியே. உயிருக்கு நடுவில் தனியாக வரும் "ப", "சபை" என்பதில் வருவது மாதிரி, வேகமான பேச்சில் முழுதாக ஒட்டாமலே போகும். அதை இழுத்து மூடினால் பொம்மை எழுத்துக்கூட்டிப் படிப்பது போல இருக்கும். "வ"வுக்குக் கீழுதடு மேற்பல்லைத் தொட்டால் போதும். ழ, ள, ண மூன்றுக்கும் நாக்கு உள்ளே மடிகிறது. அதைக் கேமராவும் பார்க்காது, பார்வையாளரும் பார்க்கமாட்டார், விட்டுவிடுங்கள்.

பிளெண்டரில் ஒலி அலையைத் திரையில் வைத்துக்கொண்டு, உதடு ஒட்டவேண்டிய ஃபிரேமுக்குப் போங்கள். அங்கே mouthClose மதிப்பை, அதே ஃபிரேமில் jawOpen எவ்வளவோ அவ்வளவு வையுங்கள். இந்த இரண்டும் சோடியாக வேலை செய்யும்படி வடிவமைக்கப்பட்டவை: தாடை திறந்த அளவுக்கு உதட்டை மட்டும் mouthClose மூடுகிறது. jawOpen 0.12 இருக்கும்போது mouthClose-க்கு 0.5 கொடுத்தால் மேலுதடும் கீழுதடும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும். மூடும் இடத்துக்கு இரண்டு ஃபிரேம் முன்னும் பின்னும் 0 வைத்துவிட்டால் அந்த மூடல் தன் எல்லைக்குள் நிற்கும். மூடலை ஒலியை விட ஒரு ஃபிரேம் முன்னால் வைத்தால் இன்னும் பொருத்தமாகத் தெரியும், ஏனென்றால் உண்மையிலேயே உதடு மூடி, பிறகுதான் "ப" வெடிக்கிறது.

நான் சும்மா இருந்தாலும் பொம்மை லேசா சிரிச்சிட்டே இருக்கு. கண்ணை மூடினா பாதிதான் மூடுது.

உங்கள் முகத்தின் இயல்பு நிலை மென்பொருளுக்கு 0 கிடையாது. வாய் ஓரம் இயல்பாகவே மேல்நோக்கி இருப்பவருக்குச் சிரிப்பு 0.1 என்று வரும். அதேபோல முழுக்கக் கண்ணை மூடினாலும் eyeBlinkLeft 1 வரை போகாது, நடுவழியில் நின்றுவிடும்.

அதனால் ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் சில நொடி முகத்தைத் தளர்த்தி நேராகப் பாருங்கள். பிறகு வாயை முடிந்த மட்டும் திறங்கள், கண்ணை இறுக்க மூடுங்கள், புருவத்தைத் தூக்குங்கள், உதட்டைக் குவியுங்கள். ஒவ்வொரு அசைவுக்கும் ஓய்வு மதிப்பு, உச்ச மதிப்பு என்று இரண்டு எண் கிடைக்கும். jawOpen ஓய்வில் 0.04, உச்சத்தில் 0.64 என்றால், இடையில் வரும் 0.36-இன் உண்மையான அளவு (0.36 − 0.04) ÷ 0.60, அதாவது 0.53. பிளெண்டருக்குள் மதிப்பை எழுதும்போதே இதைச் செய்துவிடலாம்:

```python
keys = obj.data.shape_keys.key_blocks

def to01(v, rest, full):
    return max(0.0, min(1.0, (v - rest) / (full - rest)))

k = keys["jawOpen"]
k.value = to01(v, 0.04, 0.64)
k.keyframe_insert("value", frame=f / 2)
```

இதில் obj உருவத்தின் முகம், v மீடியாபைப் தந்த மதிப்பு, f வீடியோவின் ஃபிரேம் எண். கடைசி வரியில் f / 2 என்று இருப்பது, வீடியோ 60 ஃபிரேமாகவும் பிளெண்டர் காட்சி 30 ஃபிரேமாகவும் இருப்பதால்.

கண்ணில் இன்னொரு சிக்கல் உண்டு. கீழே பார்த்தாலே இமை இறங்கும், அதையும் மென்பொருள் சிமிட்டல் என்றே எண்ணும். புலவர் அடிக்கடி குனிந்து வில்லைப் பார்ப்பார் அல்லவா, அந்த நேரமெல்லாம் பொம்மை தூங்கி வழியும். eyeLookDownLeft மதிப்பு ஏறியிருக்கும் இடங்களில் eyeBlinkLeft-ஐ அதற்கேற்பக் குறையுங்கள். வலது கண்ணுக்கும் அதே வேலை.

ஐபோன் பட்டியல்ல இருக்கிற 52 அசைவையும் என் கதாபாத்திரத்துக்குச் செய்யணுமா?

வேண்டாம். கதை சொல்லும் முகத்துக்குத் தாடை, mouthClose, "ஓ"வுக்கு mouthFunnel, "ஊ"வுக்கு mouthPucker, இரண்டு பக்கச் சிரிப்பு, இரண்டு பக்க முகச்சுளிப்பு, இமைகள், கண் போகும் திசைகள், புருவம் ஏறுவதும் இறங்குவதும் இருந்தால் போதும். அசைவுக்கு ஒன்றாகப் பிளெண்டரில் செய்து வைக்கும் முக வடிவங்களான ஷேப் கீக்களின் பெயரை மட்டும் எழுத்து மாறாமல் அப்படியே வையுங்கள். இல்லாத பெயரைத் தரவில் தாண்டிப் போகலாம்.

முகத்தையும் உடம்பையும் ஒரே போன்ல ஒரே தடவையில எடுக்க முடியாதா?

முடியும், ஆனால் இரண்டும் அரைகுறையாக வரும். இடுப்பு வரை படத்தில் வரவேண்டுமென்றால் போன் தள்ளிப் போக வேண்டும். அப்போது உதடு படத்தில் சின்னதாகிவிடும்.

போன் இரண்டு இருந்தால் ஒன்று முகத்துக்கு, ஒன்று உடம்புக்கு. தொடக்கத்தில் இரண்டுக்கும் தெரியும்படி ஒரு கைத்தட்டு. ஒலியில் அந்தக் கூர்முனையைப் பார்த்து இரண்டையும் ஒன்றாக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று செய்ய வேண்டும். போன்கள் சீரான வேகத்தில் ஃபிரேம் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தாலோ போன் சூடானாலோ இடைவெளி மாறும். தொடக்கத்தில் பொருந்திய உதடு, பாட்டு முடியும்போது ஒலியை விட்டு விலகிவிடும். பதிவை முதலில் சீராக்கிக்கொள்ளுங்கள்:

```
ffmpeg -i mugam.mp4 -vf fps=60 -c:a copy mugam_60.mp4
```

ஒரே போன்தான் என்றால் முதலில் உடம்பைப் பாடிக்கொண்டே எடுங்கள். பிறகு அந்த ஒலியை இயர்போனில் கேட்டபடி முகத்தை மட்டும் எடுங்கள். தலை திரும்புவதை உடம்புப் பதிவிலிருந்தும், வாய், கண், புருவத்தை முகப் பதிவிலிருந்தும் எடுத்துக்கொள்ள வேண்டும். முகப் பதிவில் தலையை அதிகம் திருப்பாதீர்கள். பக்கவாட்டில் திரும்பினால் மறையும் பக்கத்து வாய் ஓரத்தை மென்பொருள் ஊகத்தில்தான் வரையும்.

வேட்டி கட்டிட்டு நடிச்சா கால் பைத்தியம் மாதிரி ஆடுது.

முழங்கால் எங்கே என்று மென்பொருளுக்குத் தெரியவில்லை. உடம்பில் 33 புள்ளிகளைத் தேடும் மீடியாபைப் ஆனாலும், ரோக்கோகோ விஷன் மாதிரி வீடியோவை ஏற்றி அசைவை இறக்கிக்கொள்ளும் சேவை ஆனாலும், துணிக்குள் மறைந்த மூட்டை ஊகிக்கத்தான் செய்யும். நடக்கிற காட்சிக்கு இறுக்கமான டிராக் பேண்ட் போட்டு நடியுங்கள், வேட்டியைப் பொம்மைக்குக் கட்டிவிடலாம்.

ஆனால் நம் புலவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார், முன்னால் வில்லும் குடமும் மறைக்கின்றன. கால் தரவே தேவையில்லை. இடுப்புக்குக் கீழே உள்ள எலும்புகளின் கீஃபிரேம்களை முழுக்க அழித்துவிட்டு, சம்மணக் காலை ஒருமுறை கையால் வைத்துப் பூட்டுங்கள். இடுப்பின் நகர்வையும் அழியுங்கள், சாய்வை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நடிக்கும்போது உண்மையான வில்லை முன்னால் வைக்க வேண்டாம். வெறும் தரையில் உட்கார்ந்து, வில் இருக்கும் உயரத்தில் ஒரு மெல்லிய கயிற்றைக் கட்டி அதை அடித்தால் போதும். கை மறையாது, உயரமும் தவறாது.

வீசுகோல் வில்லைத் தொடாம காத்துலயே அடிக்குது. இல்லேன்னா வில்லுக்குள்ள புகுந்து போகுது.

ஒரு கேமராவுக்கு முன்னும் பின்னும் என்ற தூரம் சரியாகப் பிடிபடாது. கை பக்கவாட்டில் எங்கே இருக்கிறது என்பது நன்றாக வரும். கேமராவை நோக்கி எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதில்தான் பிழை. வில்லை அடிப்பதோ முன்னால் நீட்டித்தான். கேமராவை நேர் எதிரே வைக்காமல் சுமார் 45 டிகிரி பக்கத்தில், கோல் பிடிக்கும் கைப்பக்கமாக வைத்தால் அந்த நீட்டலில் ஒரு பகுதி பக்கவாட்டு அசைவாகத் தெரியும், பிழை குறையும்.

ஆனாலும் தொடும் புள்ளியைக் கேமராவை நம்பி விடக்கூடாது. கோல் கண்டுபிடிக்கப்படுவதே இல்லை, கை மட்டும்தான். கையோடு கூடவே அசையும்படி கோலைக் கை எலும்பின் பிள்ளையாக மாட்டுங்கள். மணிக்கட்டுக்கு ஐகே இலக்கு ஒன்று வையுங்கள்; இலக்கை நகர்த்தினால் கை அதைத் தேடிப் போகும், முழங்கை தானாக மடியும். ஒலி அலையில் வில்மணி அடிபடும் ஒவ்வொரு கூர்முனைக்கும் போய், அந்த ஃபிரேமில் மட்டும் ஐகே செல்வாக்கை 1 ஆக்கி, கோலின் நுனி நாணில் படும்படி இலக்கை நகர்த்துங்கள். மூன்று ஃபிரேம் முன்னால் 0, இரண்டு ஃபிரேம் பின்னால் 0. கை ஓங்குவதும் விலகுவதும் உங்கள் நடிப்பு. தொடும் அந்தக் கணம் மட்டும் நீங்கள் வைத்தது. தோள் குலுங்குவதும் உடம்பு சாய்வதும் பதிவிலிருந்தே வருவதால் யாருக்கும் ஒட்டுப்போட்டது தெரியாது.

அடி வேகமாக விழும் இடங்களில் தரவு சில அடிகளையே விழுங்கியிருக்கும், கை நடுவில் நடுங்கிக்கொண்டு நிற்கும். அங்கே சரிசெய்ய உட்காராதீர்கள். நன்றாக வந்த ஓர் அடியை நகலெடுத்து, ஒலிக்கேற்ற இடைவெளியில் வரிசையாக ஒட்டுங்கள். வீச்சின் உயரத்தை ஒன்றுக்கொன்று சற்று மாற்றிவிடுங்கள்.

எங்க ஊர் புலவர் தாத்தாவையே நடிக்க வெச்சு எடுக்கலாமா? கொடையில எடுத்த பழைய வீடியோவும் இருக்கு.

தாத்தாவை எடுப்பதுதான் சிறந்தது. நாம் என்னதான் நடித்தாலும் ஒரு கதையை நிறுத்தி, புருவத்தை ஏற்றி, பின்பாட்டுக்காரர் "ஆமா" போடும்வரை காத்திருக்கும் அந்தப் பாங்கு நமக்கு வராது. ஆனால் எடுக்கும் முன்னால் ஒன்றை அவருக்குப் புரியும்படி சொல்லிவிடுங்கள்: இது வீடியோ மாதிரி இல்லை, இந்த அசைவை வேறு உருவத்துக்கு மாட்டலாம், வேறு பேச்சுக்கும் பயன்படுத்தலாம். எதற்கெல்லாம் பயன்படுத்துவீர்கள் என்று எழுதிக் கொடுத்து, பேசிய பணத்தையும் கொடுத்து, படத்தில் பெயரும் போடுங்கள். நேரம் ஒதுக்கி வீட்டிலேயே எடுங்கள். கொடையின்போது, அதுவும் சாமி வரும் நேரத்தில், போனை முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள்.

பழைய கொடை வீடியோ முகத்துக்கு உதவாது. மேடை விளக்கு, தூரம், மைக் வாயை மறைப்பது எல்லாம் சேர்ந்து உதட்டை இல்லாமல் செய்துவிடும். உடம்பின் தாளத்தைப் பார்த்துப் படிக்க அதை வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக எடுக்கும்போது ஸ்டாண்ட் மைக்கைத் தவிர்த்துச் சட்டையில் குத்தும் சின்ன மைக்கைப் போடுங்கள்.

மீசையும் கண்ணாடியும் இருந்தா?

மீசை மேலுதட்டை மூடினால் mouthClose நம்பகமாக வராது, உதட்டுக்குக் கீழே வருமளவு வளர்ந்திருந்தால் வேறு ஒருவரை முகத்துக்கு நடிக்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் விளக்கின் பிரதிபலிப்பு கருவிழி மேல் விழாமல் இருந்தால் போதும். விளக்கைச் சற்று மேலே தூக்கினால் விலகிவிடும். நெற்றியில் விபூதி இருந்தால் ஒன்றும் ஆகாது.